கோட்டை விடாத ரோபோவுக்கு எந்த போர்டு?

வெள்ளைத் தரையில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை வளைத்து வளைத்து ஒட்டி, அதன் மேல் தானாகவே ஓடும் ஒரு சின்ன வண்டியைச் செய்வது, ரோபோ கற்றுக்கொள்ளக் கிளம்பும் பெரும்பாலானோர் எடுத்துக்கொள்ளும் முதல் வேலை. பொறியியல் கல்லூரி விழாக்களில் இதற்கு லைன் ஃபாலோயர் என்று பெயர். இரண்டு மோட்டார், ஒரு பேட்டரி, வண்டியின் மூக்குக்கு அடியில் தரையைப் பார்த்தபடி நாலைந்து சென்சார், நடுவில் எல்லாவற்றுக்கும் கட்டளையிடும் ஒரு போர்டு. அவ்வளவுதான் வண்டி. சென்னை ரிச்சி தெருவில் ஒரு நடை நடந்தால் எல்லாம் கிடைத்துவிடும். போர்டு வாங்கும் இடத்தில்தான் பலரும் தயங்கி நிற்கிறார்கள். சில நூறு ரூபாய்க்கு ஆர்டுயினோ வகை போர்டு ஒன்று இருக்கிறது. சில ஆயிரம் கொடுத்தால் ராஸ்பெர்ரி பை கிடைக்கிறது. விலை கூடியதில்தானே வேகம் கூடியது, அதை வைத்தால் வண்டியும் நன்றாக ஓடுமல்லவா என்று தோன்றுவது இயல்பு. ஆனால் இந்த வேலையில் அந்தக் கணக்கு பலிப்பதில்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் இரண்டும் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஆர்டுயினோ ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328பி என்ற சில்லு ஒரு மைக்ரோகன்ட்ரோலர். விநாடிக்கு 1 கோடியே 60 லட்சம் துடிப்பு, 2 கிலோபைட் நினைவகம், புரோகிராமை வைத்துக்கொள்ள 32 கிலோபைட் இடம். அதில் விண்டோஸ், லினக்ஸ் போன்ற எதுவும் கிடையாது. நாம் எழுதி ஏற்றிய ஒரே ஒரு புரோகிராம் மட்டும், மின்சாரம் வந்ததிலிருந்து போகும்வரை, திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருக்கும். ராஸ்பெர்ரி பை அப்படியல்ல. அது உள்ளங்கையில் அடங்கும் ஒரு முழுக் கம்ப்யூட்டர். பை ஜீரோ 2 டபிள்யூ என்ற சின்ன போர்டிலேயே நான்கு கோர் கொண்ட பிராசஸர், 512 மெகாபைட் நினைவகம், மெமரி கார்டிலிருந்து எழுந்து வரும் லினக்ஸ் எல்லாம் உண்டு. நம் புரோகிராம் அங்கே ஓடும் பலவற்றில் ஒன்று. பெயரில் ஒரு குழப்பமும் இருக்கிறது. 2021-ல் வந்த ராஸ்பெர்ரி பை பிகோ, பெயரில் பை என்று இருந்தாலும் மைக்ரோகன்ட்ரோலர்தான். அதில் லினக்ஸ் ஓடாது. கடையில் கேட்கும்போது இதைக் கவனிக்க வேண்டும்.

இனி, வண்டி உண்மையில் என்ன கணக்குப் போடுகிறது என்று பார்ப்போம். ஒவ்வொரு சென்சாரிலும் ஓர் அகச்சிவப்பு எல்இடியும், பக்கத்திலேயே அந்த ஒளியை உணரும் ஒரு டிரான்சிஸ்டரும் இருக்கின்றன. வெள்ளைத் தரை ஒளியைத் திருப்பி அனுப்பும், கறுப்பு டேப் விழுங்கிவிடும். திரும்பி வந்த ஒளியின் அளவு ஒரு மின்னழுத்தமாக மாறுகிறது. ஆர்டுயினோ அதை 0 முதல் 1023 வரையிலான ஓர் எண்ணாகப் படிக்கிறது. ஐந்து சென்சார்களை 1 சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசையாக வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். வெள்ளையில் வரும் எண்ணைக் கழித்த பிறகு, நடுச் சென்சாரில் 600, அதற்கு வலப்புறம் உள்ளதில் 300, மற்றவற்றில் சைபர் என்று வந்தால், கோடு எங்கே இருக்கிறது? ஒவ்வொரு சென்சாரின் இடத்தையும் அதன் எண்ணால் பெருக்கிக் கூட்டி, மொத்தத்தால் வகுக்க வேண்டும். நடுவின் இடம் 0, வலப்புறத்தின் இடம் 10 மில்லிமீட்டர். பத்தை முந்நூறால் பெருக்கினால் 3000, அதை 900-ஆல் வகுத்தால் 3.3. கோடு வண்டியின் நடுவிலிருந்து மூன்று மில்லிமீட்டர் சொச்சம் வலப்பக்கம் விலகியிருக்கிறது. சென்சார்களுக்கு நடுவே எங்கே கோடு விழுந்தாலும் இப்படி மில்லிமீட்டர் சுத்தமாகச் சொல்லிவிடலாம்.

ஐந்தே ஐந்து பெருக்கல், ஒரு வகுத்தல். ஊனோவில் ஒரு சென்சாரைப் படிக்க ஏறக்குறைய விநாடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஆகும். ஐந்தையும் படித்து, கணக்கையும் முடித்து, மோட்டாருக்குக் கட்டளை கொடுக்க 1 மில்லி விநாடி, அதாவது விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, தாராளமாகப் போதும். விநாடிக்குப் பல கோடி பெருக்கல் செய்யக்கூடிய பிராசஸரை இங்கே கொண்டுவந்து வைத்தால், அது பெரும்பாலான நேரம் சும்மாதான் இருக்கும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ராஸ்பெர்ரி பையின் பின்களுக்கு இருக்கிறது, இல்லை என்ற இரண்டைத் தவிர வேறு தெரியாது. 0 முதல் 1023 வரை அளந்து சொல்லும் உறுப்பு அதில் கிடையாது. எம்சிபி3008 போன்ற ஒரு தனிச் சில்லை வாங்கி இணைத்தால்தான் இந்த வகை சென்சாரை அது படிக்கும். ஊனோவில் அப்படிப்பட்ட பின்கள் ஆறு கூடவே வருகின்றன.

கணக்கு சின்னது. ஆனால் அது எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்பதில்தான் வண்டி தப்பிக்கிறது. விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒன்று, 15 சென்டிமீட்டர் ஆரமுள்ள வளைவுக்குள் நுழைகிறது என்று வைத்துக்கொள்வோம். வளைவு தொடங்கிய கணத்திலிருந்து போர்டு அதை உணர்ந்து மோட்டாரைத் திருப்பும்வரை வண்டி நேராகவே போகும். அந்த இடைவெளியில் அது போகும் தூரத்தை அதே எண்ணால் பெருக்கி, ஆரத்தின் இரு மடங்கால் வகுத்தால், கோடு எவ்வளவு விலகியது என்று கிடைத்துவிடும். போர்டு 2 மில்லி விநாடியில் திருப்பிவிட்டால் வண்டி 2 மில்லிமீட்டர்தான் போயிருக்கும். விலகல் கண்ணுக்கே தெரியாது. அதுவே பத்தில் ஒரு விநாடி தாமதித்தால் வண்டி 10 சென்டிமீட்டர் போயிருக்கும். பத்தைப் பத்தால் பெருக்கினால் 100, முப்பதால் வகுத்தால் 3.3 சென்டிமீட்டர். நம் சென்சார் வரிசை நடுவிலிருந்து பக்கத்துக்கு 2 சென்டிமீட்டர்தான். கோடு வரிசையை விட்டே வெளியே போய்விட்டது. இனி வண்டிக்குக் கோடு எந்தப் பக்கம் போனது என்பதுகூடத் தெரியாது.

இந்தக் கணக்கில் தூரம் இரண்டு முறை பெருக்கப்படுவதைக் கவனியுங்கள். வேகம் இரட்டித்தால் விலகல் நான்கு மடங்காகும். அதனால்தான் மெதுவாக ஓடும்போது எந்த போர்டை வைத்தாலும் வண்டி சமர்த்தாகப் போகிறது. அதே பத்தில் ஒரு விநாடித் தாமதத்தோடு, விநாடிக்கு 30 சென்டிமீட்டர் வேகத்தில் போகும் வண்டி அதே வளைவில் 3 மில்லிமீட்டர்தான் விலகும். ராஸ்பெர்ரி பையில் கேமரா வைத்து ஓடும் வண்டிகளின் வீடியோவைப் பார்த்து, இது நன்றாகத்தானே போகிறது என்று சொல்பவர்கள் வண்டியின் வேகத்தைப் பார்க்க வேண்டும்.

கேமராவுக்கு ஏன் அவ்வளவு தாமதம்? விநாடிக்கு 30 படம் எடுக்கும் கேமராவில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 33 மில்லி விநாடி. படம் பதிவாகி, பிராசஸருக்கு வந்து, அதில் கோடு எங்கே என்று தேடி, மோட்டாருக்குச் சொல்லி முடிப்பதற்குள் எல்லாம் சேர்ந்து பத்தில் ஒரு விநாடி ஆவது சாதாரணம்.

சரி, கேமரா வேண்டாம், ராஸ்பெர்ரி பையோடு எம்சிபி3008 சில்லையும் அகச்சிவப்பு சென்சாரையும் வைத்துக்கொள்கிறேன் என்று ஒருவர் சொல்லலாம். அப்போது இந்தத் தாமதம் போய்விடும். ஐந்து எண்ணையும் பை வெகு வேகமாகப் படித்துவிடும். ஆனாலும் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. என் பார்வையில் இதுதான் பலரும் கவனிக்காத இடம்.

கோடு விலகியிருக்கும் அளவை மட்டும் பார்த்துத் திருப்பினால் வண்டி பாம்பு போல நெளியும். கோட்டுக்குத் திரும்பி வரும்போது அதே வேகத்தில் மறுபக்கம் தாண்டிப் போய்விடும். அதைத் தடுக்க, விலகல் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதையும் கணக்கில் சேர்ப்பார்கள். போன முறை படித்த விலகலை இந்த முறை படித்ததிலிருந்து கழித்து, அதை ஓர் எண்ணால் பெருக்கித் திருப்பத்தோடு கூட்டுவார்கள். ஆர்டுயினோவில் இதன் சாரம் இவ்வளவுதான்:

```
const unsigned long STEP = 2000;
unsigned long next = 0;
int last = 0;

void loop() {
  if ((long)(micros() - next) < 0) return;
  next += STEP;
  int e = readLine();
  int turn = Kp * e + Kd * (e - last);
  last = e;
  drive(base + turn, base - turn);
}
```

இரண்டாயிரம் மைக்ரோ விநாடிக்கு, அதாவது 2 மில்லி விநாடிக்கு ஒரு முறை, இந்தக் கணக்கு நடக்கிறது. இதில் `e - last` என்ற கழித்தல், இரண்டு வாசிப்புக்கும் இடையே எப்போதும் ஒரே நேரம்தான் ஓடியது என்று நம்பிக்கொண்டிருக்கிறது. அந்த நம்பிக்கை பொய்த்தால் என்ன ஆகும் என்று எண்களிலேயே பார்ப்போம். பத்தில் ஒரு மில்லிமீட்டரை ஓர் அலகாக வைத்து விலகலை அளக்கிறோம், `Kd` பத்து என்று கொள்வோம். வளைவில் நுழையும் வண்டியின் விலகல் 2 மில்லி விநாடிக்கு 4 அலகு கூடுகிறது. பத்தால் பெருக்கினால் 40. மோட்டாருக்குக் கொடுக்கும் வேகம் 0 முதல் 255 வரை என்பதால், 40 என்பது பதமான ஒரு திருப்பம். இப்போது ஏதோ காரணத்தால் ஒரு சுற்று மட்டும் 2 மில்லி விநாடிக்குப் பதில் 12 மில்லி விநாடி ஆகிவிட்டது. அதற்குள் விலகல் 24 அலகு மாறியிருக்கும். பத்தால் பெருக்கினால் 240. வண்டி அதே வேகத்தில்தான் விலகிக்கொண்டிருக்கிறது, ஆனால் கணக்கு அது ஆறு மடங்கு வேகத்தில் விலகுவதாக நினைத்து, ஒரு மோட்டாரை ஏறக்குறைய முழு வேகத்துக்குத் தள்ளுகிறது. வண்டி வெடுக்கென்று திரும்பிக் கோட்டை விட்டு எகிறுகிறது.

லினக்ஸில் அந்த ஏதோ காரணம் அடிக்கடி வரும். வைஃபையைக் கவனிக்க வேண்டும், மெமரி கார்டில் பதிவு எழுத வேண்டும், பின்னணியில் ஓடும் வேறு புரோகிராமுக்கும் முறை கொடுக்க வேண்டும். எல்லோருக்கும் சராசரியாக நல்ல பங்கு கிடைக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் லினக்ஸின் வேலை; இந்த ஒரு புரோகிராமுக்கு மட்டும் 2 மில்லி விநாடிக்கு ஒரு முறை தவறாமல் முறை கிடைக்கும் என்று அது வாக்குக் கொடுப்பதில்லை. வீட்டில் ராஸ்பெர்ரி பை இருந்தால் இதை நீங்களே அளந்து பார்க்கலாம்:

```
import time
worst = 0
last = time.perf_counter()
while True:
    time.sleep(0.002)
    now = time.perf_counter()
    gap = now - last
    last = now
    if gap > worst:
        worst = gap
        print(round(worst * 1000, 2), "ms")
```

இது 2 மில்லி விநாடி தூங்கி எழுந்து, உண்மையில் எவ்வளவு நேரம் ஆனது என்று பார்க்கிறது. இதுவரை வந்ததிலேயே மோசமான எண்ணை மட்டும் அச்சிடுகிறது. தொடக்கத்தில் இரண்டை ஒட்டிய எண் வரும். இதை ஓடவிட்டுவிட்டு, இன்னொரு ஜன்னலில் ஒரு பெரிய கோப்பை நகலெடுங்கள், பிரவுசரைத் திறங்கள். எண் ஏறுவதைப் பார்க்கலாம். சராசரி நன்றாகவே இருக்கும். வண்டியைத் தூக்கி எறிவது எப்போதோ வரும் அந்த மோசமான ஒரு சுற்று.

உண்மையில் ஆன நேரத்தால் வகுத்துக்கொண்டால் சரியாகிவிடாதா என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். வெடுக்கென்ற அந்தத் திருப்பம் குறையும், ஆம். ஆனால் விநாடிக்கு 1 மீட்டர் ஓடும் வண்டி அந்த 12 மில்லி விநாடியும் பழைய கட்டளையிலேயே 12 மில்லிமீட்டர் போய்விட்டது. அதைத் திரும்பப் பெற முடியாது. லினக்ஸுக்குள்ளேயே நேரக் கட்டுப்பாட்டைக் கொண்டுவரும் மாற்றங்களும் இருக்கின்றன; பல ஆண்டுகள் தனியாக வளர்ந்த அந்த வேலை 2024-ல் மூல லினக்ஸிலேயே சேர்க்கப்பட்டது. அதைச் சரியாக அமைத்தால் நிலைமை வெகுவாக மேம்படும். ஐந்து பெருக்கலும் ஒரு வகுத்தலும் செய்ய அந்தப் பாட்டைப் பட வேண்டுமா என்பதுதான் கேள்வி.

நெளிவைப் பார்த்தே காரணத்தைச் சொல்லிவிடலாம். `Kp` அதிகமாக இருந்தால் வண்டி அலை அலையாக, ஏறக்குறைய ஒரே இடைவெளியில் ஆடும். ஒவ்வொரு சுற்றிலும் அதேபோல் ஆடும். நேர ஒழுங்கு தவறினால் ஆட்டம் அப்படி வராது. நேர்கோட்டில் அமைதியாகப் போகிற வண்டி திடீரென ஒரு முறை உதறும். அடுத்த சுற்றில் அதே இடத்தில் உதறாது, வேறெங்கோ உதறும். எண்களை மாற்றி மாற்றிப் பார்த்தும் இந்த உதறல் போகாவிட்டால், பார்க்க வேண்டியது நேரத்தைத்தான்.

மைக்ரோகன்ட்ரோலரிலும் இதே கோளாறை நாமே உண்டாக்கிக்கொள்ள முடியும். சென்சார் எண்களைத் திரையில் பார்ப்பதற்காக `Serial.print` வரிகளை எழுதிவிட்டு, ஓட்டத்தின்போது நீக்க மறந்துவிடுவார்கள். 9600 என்ற வேகத்தில் ஓர் எழுத்தை அனுப்ப ஏறக்குறைய 1 மில்லி விநாடி ஆகும். ஐந்து எண்களையும் இடைவெளிகளையும் சேர்த்து 25 எழுத்து என்றால், ஒவ்வொரு சுற்றும் 25 மில்லி விநாடி. முதல் சில சுற்றுகளை ஆர்டுயினோ தன் சின்னக் கிடங்கில் அடுக்கிச் சமாளிக்கும். கிடங்கு நிறைந்ததும் அங்கேயே காத்து நிற்கும். தடையைக் கண்டால் நிற்கட்டும் என்று அல்ட்ராசோனிக் சென்சாரைச் சேர்த்து `pulseIn` கொண்டு அதைப் படித்தாலும் இதே கதிதான். எதிரொலி வராவிட்டால் அது பல மில்லி விநாடி அங்கேயே உட்கார்ந்துவிடும். தடை சென்சாரைச் சேர்த்ததும் வண்டி ஆட ஆரம்பித்துவிட்டது, ஆர்டுயினோவுக்குச் சக்தி போதவில்லை, பெரிய போர்டு வாங்க வேண்டும் என்று முடிவு கட்டுவது இப்படித்தான். சக்தி குறைந்திருக்காது. காத்திருக்கச் சொல்லியிருப்பார்கள், அது காத்திருந்திருக்கும். அந்த வரியை மாற்றினால் போதும்.

அடுத்தது பேட்டரி. இரண்டு 18650 செல்களைத் தொடராக இணைத்து 7.4 வோல்ட் எடுப்பது இந்த வண்டிகளில் வழக்கம். மோட்டார்கள் நின்ற நிலையிலிருந்து கிளம்பும் கணத்தில், ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். அந்தக் கணத்தில் பேட்டரியின் வோல்ட் சட்டென்று இறங்கும். ஊனோ அதில் தடுக்கி விழுந்தால்கூட அதிகபட்சம் ஓரிரு விநாடிக்குள் எழுந்து மறுபடி ஓட ஆரம்பிக்கும். விழுந்ததா என்று தெரிய, `setup` பகுதியில் எல்இடியை மூன்று முறை சிமிட்டும்படி எழுதிவிடுங்கள். ஓட்டத்தின் நடுவில் அது சிமிட்டினால் போர்டு செத்துப் பிழைத்திருக்கிறது என்று பொருள். மோட்டாருக்கும் போர்டுக்கும் மின்சார வழியைப் பிரிக்க வேண்டும்.

ராஸ்பெர்ரி பை விழுந்தால் எழுந்து வந்து உங்கள் புரோகிராமைத் தொடங்க அரை நிமிடம்கூட ஆகலாம். மெமரி கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது விழுந்திருந்தால் கார்டே கெட்டு, அடுத்த முறை எழாமலும் போகலாம். போட்டி மைதானத்தில் சுவிட்சைத் தட்டி அணைக்கும் பழக்கமும் இதையே செய்யும். 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 4.6 வோல்ட்டை ஒட்டி இறங்கினாலே பை அதைக் குறித்து வைத்துக்கொண்டு, தன் வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். இந்தக் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள்:

```
vcgencmd get_throttled
```

`throttled=0x0` என்று வந்தால் நல்லது. `0x50000` என்று வந்தால், இப்போது சரியாக இருந்தாலும் நடுவில் எப்போதோ வோல்ட் இறங்கியிருக்கிறது, வேகமும் குறைக்கப்பட்டிருக்கிறது. வேகம் குறைந்த நேரத்தில் மேலே சொன்ன நேர ஒழுங்கு இன்னும் மோசமாகும். வளைவில் வண்டி ஏன் எகிறியது என்று தேடுபவர்கள், மோட்டார் கிளம்பிய கணத்தில் பேட்டரி என்ன செய்தது என்று பார்க்காமல் விடுவதால் பல மாலைகள் வீணாகின்றன.

மைக்ரோகன்ட்ரோலர் பாதையை நினைவில் வைத்துக்கொள்ளாதே, முதல் சுற்றில் கற்றுக்கொண்டு இரண்டாம் சுற்றில் பறக்க வேண்டுமென்றால் கம்ப்யூட்டர் வேண்டாமா? இந்தச் சந்தேகத்துக்கு ஜப்பானில் பதில் இருக்கிறது. அங்கே மைக்ரோமவுஸ் போட்டியோடு சேர்ந்து ரோபோட்ரேஸ் என்ற பந்தயம் நடக்கிறது. கறுப்புத் தரையில் 19 மில்லிமீட்டர் வெள்ளைக் கோடு. வளைவின் ஆரம் மாறும் இடங்களில் கோட்டுக்கு இடப்புறம் ஒரு சின்ன அடையாளம் போட்டிருப்பார்கள். முதல் ஓட்டத்தில் வண்டி நிதானமாகப் போய், சக்கரத்தின் சுழற்சியை எண்ணி, அடையாளத்துக்கு அடையாளம் எவ்வளவு தூரம், எவ்வளவு வளைவு என்று குறித்துக்கொள்ளும். அடுத்த ஓட்டத்தில் நேர்கோட்டில் பாய்ந்து, வளைவு வருமுன்பே வேகத்தைக் குறைக்கும். இதையெல்லாம் அவர்கள் மைக்ரோகன்ட்ரோலரில்தான் செய்கிறார்கள். நூறு துண்டுகள் கொண்ட பாதையில் ஒரு துண்டுக்கு 4 பைட் என்றால் மொத்தமே 400 பைட். ஊனோவின் 2 கிலோபைட்டிலேயே அடங்கும். பாதை முழுவதையும் சென்டிமீட்டர் சென்டிமீட்டராகப் பதிய வேண்டுமென்றாலும் பிகோவின் 264 கிலோபைட் தாராளம்.

அப்படியானால் ராஸ்பெர்ரி பைக்கு இந்த வண்டியில் இடமே இல்லையா? உண்டு. கோடு எங்கே என்ற கேள்வியோடு, வழியில் இருப்பது என்ன என்ற கேள்வியும் வரும்போது அதற்கான இடம் வருகிறது. ரோபோகப் ஜூனியர் போட்டிகளில் ரெஸ்க்யூ லைன் என்று ஒரு பிரிவு இருக்கிறது. கறுப்புக் கோடு சந்திக்கும் இடங்களில் பச்சைச் சதுரங்கள் ஒட்டியிருக்கும். சதுரம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். வழியில் கோடு அறுந்து மறுபடி தொடங்கும். கடைசியில் ஓர் அறைக்குள் நுழைந்து, பாதிக்கப்பட்டவர்களாகப் பாவிக்கும் உருண்டைகளைத் தேடி எடுக்க வேண்டும். பச்சை கோட்டுக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா, உருண்டை எங்கே கிடக்கிறது என்பதையெல்லாம் ஐந்து சென்சாரின் எண்களிலிருந்து ஊகிப்பது கடினம். படமாகப் பார்த்தால் எளிது. படத்தைப் பிரித்துப் பார்க்க நினைவகமும் வேகமும் வேண்டும், அங்கே கம்ப்யூட்டர் தன் விலைக்கு உழைக்கிறது.

கேமரா முன்னால் பார்க்கும் என்பதும் ஒரு வசதி. வண்டிக்கு 15 சென்டிமீட்டர் முன்னே வளைவைக் கண்டுவிட்டால் பத்தில் ஒரு விநாடித் தாமதத்தை ஓரளவு ஈடுகட்டலாம். ஆனால் கேமராவுக்கென்று சொந்தத் தொல்லைகள் உண்டு. அறை வெளிச்சத்தில் ஒரு படத்துக்கு 10 மில்லி விநாடி வெளிச்சம் வாங்கினால், 1 மீட்டர் வேகத்தில் அதற்குள் தரை 1 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 2 சென்டிமீட்டர் கோட்டின் ஓரம் மங்கிப்போகும். குறைத்து வாங்கினால் படம் இருளும். நம் ஊர் மின்சாரத்தில் விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுக்குவதால், 10 மில்லி விநாடிக்குக் கீழே போனால் படத்தில் பட்டை பட்டையாக நிழல் விழுவதும் உண்டு. அந்த நிழலைக் கோடு என்று வண்டி நம்பிவிடும்.

இரண்டும் வேண்டுமென்றால் இரண்டையும் வைப்பதுதான் வழி, அதுவே நல்ல வழியும்கூட. பஸ்ஸில் டிரைவரும் கண்டக்டரும் இருப்பதுபோல. டிரைவர் சாலையிலிருந்து கண்ணை எடுப்பதில்லை. எந்த நிறுத்தத்தில் நிற்க வேண்டும் என்று கண்டக்டர் விசில் கொடுக்கிறார். மைக்ரோகன்ட்ரோலர் 2 மில்லி விநாடிக்கு ஒரு முறை கோட்டைப் பிடித்துக்கொண்டே போகட்டும். பை படத்தைப் பார்த்து, வலப்பக்கம் திரும்பு, வேகத்தைக் குறை, நில் என்று மட்டும் சொல்லட்டும். அதற்கு யூஎஸ்பி கேபிள் வழியே ஓர் எழுத்து அனுப்பினால் போதும். பை 50 மில்லி விநாடி தாமதமாகச் சொன்னாலும் வண்டி கோட்டை விடாது. ஒரே ஒரு முன்னெச்சரிக்கை: பையிலிருந்து 200 மில்லி விநாடிக்கு ஒன்றும் வராவிட்டால் மோட்டாரை நிறுத்திவிடும்படி மைக்ரோகன்ட்ரோலரில் எழுதிவிட வேண்டும். பை உறைந்துபோனால் வண்டி சுவரைத் தேடிப் போகாது.

போர்டு செய்பவர்களே இந்த ஏற்பாட்டின் அவசியத்தை உணர்ந்திருக்கிறார்கள். 2013-ல் வந்த பீகிள்போன் பிளாக்கில் லினக்ஸ் ஓடும் பிராசஸருக்குப் பக்கத்திலேயே, நேரம் தவறாமல் பின்களை இயக்குவதற்கென்று இரண்டு சின்ன பிராசஸர்கள் வைத்திருந்தார்கள். 2025-ல் வந்த ஆர்டுயினோ ஊனோ க்யூவில் லினக்ஸ் ஓடும் சில்லும் மைக்ரோகன்ட்ரோலரும் ஒரே போர்டில் இருக்கின்றன.

கோட்டை மட்டும் தொடரும் சின்ன வண்டி என்றால், என் தேர்வு ஆர்டுயினோ நானோ. ஊனோவில் இருக்கும் அதே வேலைக்காரச் சில்லு, 7 கிராம் எடை, சென்சாரைப் படிக்க ஆறுக்குப் பதில் எட்டு பின்கள். ராஸ்பெர்ரி பை 4 மட்டும் 46 கிராம். சின்ன வண்டியில் அந்த எடை வளைவில் வெளிப்பக்கம் தள்ளும். பாதையைக் கற்றுக்கொள்ளும் வண்டி என்றால் பிகோவுக்குப் போகலாம். ஆனால் பிகோவில் எண்ணாகப் படிக்கும் பின்கள் மூன்றுதான் வெளியே வருகின்றன. அதனால் மின்தேக்கி காலியாக எடுக்கும் நேரத்தை அளந்து, சாதாரண பின்னிலேயே படிக்கும் வகை சென்சார் வரிசையை வாங்க வேண்டும். இன்னொன்று, பிகோ, ஈஎஸ்பி32, ராஸ்பெர்ரி பை எல்லாமே 3.3 வோல்ட் பின்கள் கொண்டவை. 5 வோல்ட்டில் ஓடும் சென்சாரின் வயரை நேராகச் செருகினால் பின் எரிந்துபோகும், சில நேரம் போர்டும் சேர்ந்து போகும். சென்சார் வரிசைக்கும் 3.3 வோல்ட்டிலிருந்தே மின்சாரம் கொடுத்து, அந்த வோல்ட்டில் அது சரியாகப் படிக்கிறதா என்று கறுப்பின் மேலும் வெள்ளையின் மேலும் ஒரு முறை பிடித்துப் பார்த்துவிட்டு, பிறகு மோட்டாரை இணையுங்கள்.